பச்சை எதனால் பச்சை? ஒரு ஹோலிப் பொடி விளம்பரத்தைத் திருத்தி எழுதிய விவரம்

சென்னையில் ஹோலி என்றால் ஒரு காலத்தில் சவுகார்பேட்டைதான். இன்று பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றிலும் மார்ச் மாதம் ஒரு காலைப் பொழுது வண்ணமாகிவிடுகிறது. வாங்குகிறவர்களில் பலர் ஹோலி விளையாடாத வீடுகளில் வளர்ந்தவர்கள். எந்தப் பொடி நல்லது, எதை வாங்கக் கூடாது என்று சொல்லித்தர அவர்கள் வீட்டில் ஆள் இல்லை. பாக்கெட்டில் எழுதியிருப்பதைத்தான் நம்ப வேண்டும்.

இங்கே பார்க்கப்போவது அப்படி ஒரு பாக்கெட்டின் எழுத்து. விற்பவர் ஒரு சிறு வியாபாரி. வடக்கே ஒரு தயாரிப்பாளரிடம் மொத்தமாகப் பொடி வாங்கி, மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, பச்சை என நூறு நூறு கிராமாக நான்கு நிறங்களை ஒரு பெட்டியில் போட்டு, குடியிருப்புக் கண்காட்சிகளிலும் இணையத்திலும் விற்கிறார். அவருடைய பழைய வாசகம் இது: “100% ஆர்கானிக்! கெமிக்கல் துளியும் இல்லை! சாப்பிடும் அளவுக்குச் சுத்தம்! பிறந்த குழந்தைக்கும் பாதுகாப்பு! தோல் மருத்துவர்கள் பரிந்துரைப்பது!”

இவ்வளவு சொல்லியும் பெற்றோர் வாட்ஸாப்பில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். “அக்கா, பாப்பாவுக்கு முழங்கை மடிப்புல கரப்பான் இருக்கு, போடலாமா?” “பையனுக்கு வீசிங் வரும், இது ஒத்துக்குமா?” “பச்சைக்கு என்ன போடறீங்க?” கடைசிக் கேள்விக்கு அவரிடமே பதில் இல்லை. வாசகத்தைக் கவர்ச்சியாக மாற்றித் தரச் சொல்லித்தான் என்னிடம் வந்தார். முதலில் பொடியில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும், எழுதுவதெல்லாம் அப்புறம் என்று சொன்னேன்.

தயாரிப்பாளரிடம் மூலப்பொருள் பட்டியல் கேட்டோம். வந்தது ஒரே வரி: மக்காச்சோள மாவு, இயற்கை நிறம், வாசனை. முதல் சொல்லைத் தவிர மற்ற இரண்டும் எதையும் சொல்லவில்லை. ஹோலிப் பொடி வாங்கி விற்கிற யாரும் இந்த இடத்தில் நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாக, நிறம் தருவது எது, எவ்வளவு சேர்க்கிறீர்கள், வாசனை என்பது என்ன, இந்தத் தொகுதிச் சரக்குக்கு ஆய்வக அறிக்கை உண்டா என்று எழுத்தில் மறுபடி கேட்டோம். சில நாள் இழுத்தடிப்புக்குப் பிறகு பதில் வந்தது. அதில்தான் கதையே மாறியது.

மாவு விஷயம் எளிது. நான்கு நிறத்திலும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மக்காச்சோள ஸ்டார்ச், அதாவது நாம் சூப்பில் போடுகிற கார்ன்ஃப்ளார். மலிவுப் பொடிகளில் இதற்குப் பதில் டால்க், சுண்ணாம்புக்கல் பொடி, சில சமயம் நுண்மணல்கூட இருக்கும். மணல் தோலையும் கண்ணையும் உரசிக் கீறும். டால்க் தூளை மூச்சில் இழுத்தால் கைக்குழந்தைகளின் நுரையீரலுக்கு ஆபத்து. தவிர, டால்க் பாறையோடு கல்நாரும் சேர்ந்தே கிடைக்கக்கூடும் என்பதால் சுத்தமில்லாத டால்க்கில் அந்தப் பயமும் உண்டு. எனவே “டால்க் இல்லை” என்பது சொல்லத் தகுந்த உண்மை. ஆனால் இந்த ஸ்டார்ச் இயற்கை வேளாண்மையில் விளைந்த சோளத்திலிருந்து வந்ததல்ல, சாதாரணச் சந்தைச் சோளம். நான்கில் ஒரே ஒரு மூலப்பொருளுக்கு, மஞ்சளுக்கு மட்டும், இயற்கை வேளாண் சான்று இருந்தது. அப்படியென்றால் “100% ஆர்கானிக்” என்ற வரி அங்கேயே விழுந்துவிட்டது. ஆர்கானிக் என்பது ஒரு பயிரை எப்படி வளர்த்தார்கள் என்பதைப் பற்றிய சான்று. அது தோலுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதற்கும் அந்தச் சான்றுக்கும் தொடர்பு இல்லை. இதைப் பெற்றோருக்குப் புரியவைப்பது கடினமே இல்லை. விற்பவர்கள்தான் சொல்லத் தயங்குகிறார்கள்.

இனி நிறங்கள். ஆரஞ்சுக்கு டேசு பூ, அதாவது நம்மூர்ப் புரசு. வட இந்தியாவில் பூவை ஊறவைத்தோ கொதிக்கவைத்தோ ஹோலிக்கு வண்ணத் தண்ணீர் எடுப்பது பழைய வழக்கம். பொடியில் இது மங்கலான ஆரஞ்சாகத்தான் வரும். இதில் சிக்கல் எதுவும் இருக்கவில்லை.

இளஞ்சிவப்புக்கு பீட்ரூட். இதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்த்தேன். பீட்ரூட் நிறமி வெளிச்சத்திலும் சூட்டிலும் சிதைந்துபோகும். ஸ்டார்ச்சோடு கலந்து உலர்த்தும்போதே பாதி மங்கிவிடும். ஆகவே பீட்ரூட் மட்டும் போட்ட பொடி வெளிறிய ரோஜா நிறத்தில்தான் இருக்கும், ஈரமான தோலில் பட்டால் சற்றுக் கூடும். கண்ணைப் பறிக்கிற பளீர் பிங்க் நிறத்தில் ஒரு பொடியை வைத்துக்கொண்டு “பீட்ரூட்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பளீர் நிறம் பெரும்பாலும் ரோடமின் பி மாதிரியான சாயத்தின் வேலை. 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில் இருப்பதாகக் கண்டறியப்பட்டு, தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய் விற்பனைக்கே தடை வந்ததே, அதே சாயம்தான். தண்ணீரில் கரைத்தால் ஆரஞ்சாக ஒளிர்கிற மாதிரி தெரியும். விரலில் பட்டால் சோப்புக்கும் சீக்கிரம் போகாது. நம் வியாபாரியின் இளஞ்சிவப்பு வெளிறித்தான் இருந்தது. நல்லது.

பச்சையில்தான் மாட்டிக்கொண்டோம். பழைய வாசகத்தில் “கீரையின் பசுமை” என்று இருந்தது. தயாரிப்பாளரின் இரண்டாவது பட்டியலில் கீரைப் பொடி பெயருக்குக் கொஞ்சம் இருந்தது. அதோடு சாயங்களைக் குறிக்கும் இரண்டு எண்கள்: சி.ஐ. 19140, சி.ஐ. 42090. முதலாவது டார்ட்ராசின், மஞ்சள். இரண்டாவது பிரில்லியன்ட் புளூ, நீலம். இரண்டும் சேர்ந்தால் பச்சை. இரண்டுமே செயற்கைச் சாயங்கள். இந்தியாவில் சில உணவுகளில், அளவு வரம்போடு, அனுமதிக்கப்பட்டவை. கீரை இலையை அரைத்து உலர்த்தினால் கிடைப்பது மங்கிய இலைப்பச்சை. அதுவும் சில வாரத்தில் பழுப்படிக்கும். கடையில் பளிச்சென்று நிற்கிற பச்சைக்கு வேறு வழி இல்லாததால் தயாரிப்பாளர் இதைச் செய்திருக்கிறார்.

நச்சு என்று பயப்பட வேண்டிய சரக்கு இல்லை இது. தொழிற்சாலைச் சாயங்களான மாலகைட் பச்சை போன்றவற்றோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல். ஆனால் டார்ட்ராசின் ஒத்துக்கொள்ளாமல் சிலருக்குத் தடிப்பு வருவதுண்டு. ஏற்கெனவே அப்படி வந்த குழந்தையின் அம்மாவுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். அவருக்கு “கீரையின் பசுமை” என்று எழுதிக் கொடுப்பது ஏமாற்று. வியாபாரி தயங்கினார். “மேடம், சாயம்னு எழுதினா யாருமே வாங்க மாட்டாங்க.” மூன்று வழிகள் இருந்தன. சாயம் இல்லாத மங்கல் பச்சைக்கு மாறலாம். பச்சையையே நீக்கிவிடலாம். அல்லது உள்ளதைப் பெயர் சொல்லி எழுதலாம். சரக்கு ஏற்கெனவே வந்துவிட்டதால் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். பெட்டியின் தலைப்பு “இயற்கை வண்ணங்கள்” என்பதிலிருந்து “மூன்று தாவர நிறங்கள், ஓர் உணவுச் சாய நிறம்” என்று மாறியது. என் கணிப்பில் மொத்தத் திருத்தத்திலும் முக்கியமானது இந்த ஒரு வரிதான். நான்கில் ஒன்றைப் பற்றி விற்பவரே உண்மையைச் சொல்லும்போது மற்ற மூன்றைப் பற்றிச் சொல்வதையும் நம்பத் தோன்றும்.

மஞ்சள் கடைசியில் வருகிறது. ஆனால் பெற்றோர் அதிகம் பயப்படப்போவது அதைப் பார்த்துத்தான். விளையாடி முடித்துக் குளிப்பாட்டும்போது சோப்புப் போட்டதும் குழந்தையின் கன்னத்தில் இருந்த மஞ்சள் திடீரென்று செங்காவியாகிவிடும். அலர்ஜி வந்துவிட்டது என்று ஆஸ்பத்திரிக்கு ஓடத் தோன்றும். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தன்மை பட்டால் சிவக்கும், அவ்வளவுதான். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கலந்தால் சிவப்பாகிறதே, அதுவேதான் இங்கும் நடக்கிறது. நன்றாக அலசிய பிறகு நிறம் மங்கி, தோல் சமமாக இருந்தால் ஒன்றுமில்லை. அலசிய பிறகும் சிவப்பு தங்கி, தொட்டால் தடித்திருந்து, குழந்தை சொறிந்துகொண்டே இருந்தால் அது உண்மையான ஒவ்வாமை. இந்த வித்தியாசத்தை எந்தப் பாக்கெட்டிலும் நான் பார்த்ததில்லை. புது வாசகத்தில் இதற்குத் தனி இடம் கொடுத்தோம்.

மஞ்சளில் இன்னொரு விஷயமும் உண்டு. செயற்கைச் சாயத்தில்தான் ஈயம் இருக்கும், தாவரப் பொடியில் இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். மஞ்சள் தூளைப் பளிச்சென்று காட்ட லெட் குரோமேட் என்ற ஈயச் சேர்மத்தைக் கலப்பது இந்தியாவிலும் வங்கதேசத்திலும் கண்டறியப்பட்ட கலப்படம். ஆகவே நான்கு நிறத்தில் ஈயத்துக்குக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டியது, பார்த்தால் எல்லாவற்றையும்விட அப்பாவியாகத் தெரிகிற மஞ்சளைத்தான். தயாரிப்பாளர் முதலில் அனுப்பிய ஆய்வக அறிக்கையோ இளஞ்சிவப்புக்கு மட்டும் எடுத்தது. தொகுதி எண்ணும் பொருந்தவில்லை. ஒரு நிறத்தின் அறிக்கையைக் காட்டி நான்கையும் விற்பது இந்தத் தொழிலில் சாதாரணம். வாங்குகிறவர் அறிக்கை கேட்டால் பார்க்க வேண்டியவை மூன்றே: எந்த நிறம், எந்தத் தொகுதி, எந்தத் தேதி. வியாபாரி தன் செலவில் மஞ்சளையும் பச்சையையும் ஆய்வகங்களின் தரத்தைச் சரிபார்க்கும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பினார்.

முடிவை எதோடு ஒப்பிடுவது? ஹோலிப் பொடிக்கென்று தனி வரம்பைத் தேடிக்கொண்டிருக்காமல், அழகுசாதனப் பொருட்களின் நிறமிகளுக்கு இந்திய விதிகள் வைத்திருக்கும் வரம்பை எடுத்துக்கொண்டோம்: ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்கு, ஆர்செனிக் 2 பங்கு. இரண்டு நிறமும் அதற்குள் இருந்தன. அறிக்கையில் “இல்லை” என்று இருந்தாலும், கருவி கண்டுபிடிக்கும் அளவுக்குக் கீழே என்றுதான் அதற்குப் பொருள். அதனால் “ஈயம் அறவே இல்லை” என்று எழுதவில்லை. “அழகுசாதனப் பொருட்களுக்கான வரம்புக்குள்” என்று எழுதினோம்.

வாசனை என்ற சொல்லுக்குப் பின்னால் இருந்தது ரோஜா வாசனைத் திரவம், உள்ளடக்கம் தெரியாது. தோல் ஒவ்வாமைக்கு அடிக்கடி காரணமாகிறவற்றில் செயற்கை வாசனை முன்வரிசையில் நிற்கிறது. நிறங்களைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டுவிட்டு இதை விட்டுவைப்பதில் அர்த்தம் இல்லை. இந்தப் பெட்டிக்குள் எதையாவது நீக்கச் சொல்லலாம் என்றால் முதலில் இதைத்தான் நீக்கச் சொல்வேன். வியாபாரி அடுத்த தொகுதியை வாசனை இல்லாமல் கேட்டார். தயாரிப்பாளருக்கு அதில் ஒரு செலவும் மிச்சம் என்பதால் உடனே ஒப்புக்கொண்டார். கையிலிருந்த சரக்கில் வாசனை இருப்பதை ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டினோம்.

பழைய வாசகத்தின் மற்ற வரிகளை அதிகம் விவாதிக்க வேண்டியிருக்கவில்லை. “கெமிக்கல் இல்லை” என்பதற்குப் பொருளே கிடையாது. ஸ்டார்ச்சும் தண்ணீரும்கூட கெமிக்கல்தான். “தோல் மருத்துவர்கள் பரிந்துரைப்பது” என்றால் எந்த மருத்துவர், எப்போது? பதில் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும் என்று சொன்னதும் வியாபாரி தானாகவே அந்த வரியை அடித்துவிட்டார். “சாப்பிடும் அளவுக்குச் சுத்தம்” என்பது இவை எல்லாவற்றையும்விட மோசம். உணவாகத் தயாரித்து உணவாக அடைக்காத ஒரு பொடியைப் பற்றி அப்படிச் சொன்னால், ஒரு கைப்பிடி அள்ளி வாயில் போடுகிற மூன்று வயதுக் குழந்தையைப் பெற்றோர் தடுக்க மாட்டார்கள். உலர்ந்த ஸ்டார்ச் தூள் தொண்டைக்குள் போனால் புரையேறும், மூச்சு முட்டும்.

இதோடு சேர்ந்த ஓர் ஆபத்தை இயற்கைப் பொடி விற்கிற யாரும் சொல்வதில்லை. ஸ்டார்ச் எரியும். குவியலாகக் கிடக்கும்போது மெதுவாகத்தான்; ஆனால் காற்றில் மேகமாகப் பரவி நிற்கும்போது ஒரு பொறி பட்டால் மொத்தமாகப் பற்றும். 2015 ஜூன் 27 அன்று தைவானில் ஒரு நீர்விளையாட்டுப் பூங்காவில் நடந்த வண்ணக் கொண்டாட்டத்தில் மேடையிலிருந்து பீய்ச்சிய வண்ணச் சோள ஸ்டார்ச் தீப்பிடித்து 15 பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோருக்குத் தீக்காயம். அந்தப் பொடியில் விஷம் எதுவும் தேவைப்படவில்லை. அதன் நுண்மையே போதுமாக இருந்தது. ஹோலிக்கு முந்தைய இரவு ஹோலிகா தகனம் என்று தீ மூட்டுகிறார்கள். அந்த நெருப்பைச் சுற்றிப் பொடி வீசக் கூடாது என்பது பெட்டியின் மேல்பக்கத்திலேயே இருக்க வேண்டிய வரி.

ஆஸ்துமா உள்ள குழந்தைக்கும் இதே தூள்தான் பிரச்சினை. சோளமோ டால்க்கோ, மூச்சுக்குழாய்க்கு எந்தத் தூளும் எரிச்சல்தான். வீசுவதற்குப் பதிலாகத் தண்ணீரில் குழைத்துக் கன்னத்தில் தடவுவது நல்ல வழி; சின்னக் குழந்தைகள் எல்லோருக்கும் அதையே சொல்லிவிடலாம் என்று முடிவெடுத்தோம்.

கடைசியில் பெட்டியின் பின்பக்கத்துக்கும் இணையப் பக்கத்துக்கும் எழுதியது இது:

“மூன்று தாவர நிறங்கள், ஓர் உணவுச் சாய நிறம்.

எல்லா நிறத்துக்கும் அடிப்படை மக்காச்சோள ஸ்டார்ச் (சமையல் கார்ன்ஃப்ளார் போன்றது). டால்க், மணல், மினுமினுப்புத் தூள் சேர்க்கவில்லை.

மஞ்சள்: மஞ்சள் தூள் (இந்த ஒரு பொருளுக்கு மட்டும் இயற்கை வேளாண் சான்று உண்டு). ஆரஞ்சு: புரசம்பூ. இளஞ்சிவப்பு: பீட்ரூட், நிறம் வெளிறித்தான் இருக்கும். பச்சை: கீரைப் பொடியும் டார்ட்ராசின், பிரில்லியன்ட் புளூ என்ற இரண்டு செயற்கை உணவுச் சாயங்களும். டார்ட்ராசின் ஒத்துக்கொள்ளாதவர்கள் பச்சையைத் தவிர்த்துவிடுங்கள்.

மஞ்சளையும் பச்சையையும் ஈயம், ஆர்செனிக் இரண்டுக்கும் சோதித்திருக்கிறோம். அழகுசாதனப் பொருட்களுக்கான வரம்புக்குள் உள்ளன. தொகுதி எண்ணைச் சொன்னால் அறிக்கையை அனுப்புவோம்.

ஹோலிக்கு இரண்டு நாள் முன்பு ஒவ்வொரு நிறத்திலும் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் குழைத்துக் குழந்தையின் முழங்கை மடிப்பில் தனித்தனியாகத் தடவி, அரை மணி நேரம் கழித்துக் கழுவுங்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் பாருங்கள். சிவப்போ அரிப்போ இருந்தால் அந்த நிறம் வேண்டாம். எதுவும் வராவிட்டால் அது நல்ல அறிகுறி மட்டுமே, முழு உத்தரவாதம் அல்ல.

கரப்பான், வெட்டுக்காயம், பொரிந்த தோல் உள்ள இடத்தில் போடாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் மேலும் சிறு குழந்தைகள் மேலும் வீசாமல், குழைத்துத் தடவுங்கள். கைக்குழந்தைக்கு வேண்டாம்.

நெருப்பு, விளக்கு, பட்டாசு அருகே பொடியை வீசாதீர்கள். மாவு தீப்பிடிக்கும்.

இது உணவு அல்ல. வாயில் பட்டால் கொப்பளிக்கச் சொல்லுங்கள். கண்ணில் பட்டால் தேய்க்காமல் சுத்தமான தண்ணீரில் அலசுங்கள். உறுத்தல் நிற்கவில்லை என்றாலோ மூச்சுத் திணறினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

சோப்புப் பட்டதும் மஞ்சள் சிவக்கும், அது இயல்பு. அலசினால் மங்கிவிடும். தோலில் மஞ்சள் போகாவிட்டால் தேங்காய் எண்ணெய் தடவித் துடையுங்கள். துணியில் பட்டால் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள்.”

இதோடு சட்டப்படி வேண்டிய அடைத்தவர் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த மாதம், அதிகபட்ச விலை, புகார் எண் ஆகியவை. பழைய பெட்டியில் மாதம் இல்லை. பீட்ரூட் நிறம் மங்குவதையும், தாவரப் பொடி ஈரம் பட்டால் பூசணம் பிடிப்பதையும் நினைத்தால் அது வெறும் சம்பிரதாயம் அல்ல. போன வருடப் பெட்டி மிச்சமிருந்து, அதில் கட்டி கட்டியாக இருந்தாலோ ஈரவாடை அடித்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள்.

விளைவு ஒரே சீராக இருக்கவில்லை. மொத்தமாக எடுத்து விற்கிற ஒருவர், “சாயம்னு நீங்களே எழுதியிருக்கீங்களே” என்று பெட்டிகளைத் திருப்பிவிட்டார். பக்கத்து மேசையில் எதுவும் எழுதாத பொடியோடு போட்டியிட வேண்டியிருப்பது அவருக்குப் பிரச்சினை. இளஞ்சிவப்பு வெளிறியிருப்பதாக ஒன்றிரண்டு புகார்கள் வந்தன. முன்பே எழுதியிருந்ததால் பணம் திருப்பிக் கேட்கும் அளவுக்குப் போகவில்லை. பெற்றோரின் கேள்விகள் நிற்கவில்லை, ஆனால் மாறின. “இதுல என்ன இருக்கு” என்பது போய், “பச்சையை எடுத்துட்டு மூணு நிறம் மட்டும் தருவீங்களா” என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வந்ததால், வியாபாரி அடுத்த ஆண்டுக்கு மூன்று நிறப் பெட்டி ஒன்றைத் தனியாகச் சேர்த்திருக்கிறார். பச்சைக்கு முருங்கை இலைப் பொடியை வைத்து ஒரு சோதனையும் நடக்கிறது. நிறம் மங்கல்தான், கொஞ்சம் இலை வாடையும் அடிக்கிறது. வாங்குவார்களா என்பது மார்ச்சில் தெரியும்.